பி.சி.ஜி. தழும்பை முன்வைத்துச் சில கணக்குகள்

2020 ஏப்ரலில் எங்கள் குடும்ப வாட்ஸாப் குழுவுக்கு ஓர் உலக வரைபடம் வந்து சேர்ந்தது. காசநோயைத் தடுக்கப் பிறந்த குழந்தைகள் எல்லோருக்கும் பி.சி.ஜி. ஊசி போடும் நாடுகள் ஒரு நிறத்தில், போடாத நாடுகள் இன்னொரு நிறத்தில். இத்தாலி, அமெரிக்கா, நெதர்லாந்து எல்லாம் போடாத பக்கம். அந்த வாரங்களில் கொரோனாச் சாவுச் செய்திகள் அங்கிருந்துதான் குவிந்துகொண்டிருந்தன. நாம் போடுகிற பக்கம். சித்தப்பா தன் இடது தோளைப் படமெடுத்து, தழும்பைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, "இது இருக்கிற வரைக்கும் கவலை இல்லை" என்று அனுப்பினார். மருத்துவக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த அக்கா மகன் மட்டும், "தாத்தா, இது வெறும் அப்சர்வேஷனல். ஆர்.சி.டி. வரட்டும், அப்புறம் பேசலாம்" என்று போட்டான். வெறுமனே கவனித்து எடுத்த கணக்கு போதாது, ஆட்களைக் குலுக்கிப் பிரித்துச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது அவன் கட்சி. வரைபடத்தில் ஓட்டை இருப்பது பலருக்கும் தெரிந்ததுதான். பி.சி.ஜி. போடும் நாடுகளில் இளைஞர்கள் அதிகம், பரிசோதனை குறைவு, நோயும் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது.

ஆர்.சி.டி. வந்தது. ஆஸ்திரேலியாவில் தொடங்கி நெதர்லாந்து, ஸ்பெயின், பிரிட்டன், பிரேசில் என்று ஐந்து நாடுகளில் மருத்துவப் பணியாளர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு பி.சி.ஜி., மறு பாதிக்கு வெறும் உப்புநீர் ஊசி போட்டுப் பார்த்த சோதனை அது. 2023ல் முடிவு வெளியானபோது 3,988 பேரின் கணக்கு இருந்தது. ஆறு மாதத்துக்குள் அறிகுறியோடு கொரோனா வந்தவர்கள் பி.சி.ஜி. பக்கம் 14.7 சதவீதம், உப்புநீர்ப் பக்கம் 12.3 சதவீதம். அதாவது பாதுகாப்பு என்று சொல்ல ஒன்றுமில்லை. (பி.சி.ஜி. போட்டதால் கொரோனா கூடியது என்றும் சொல்ல முடியாது. அந்த இடைவெளி தற்செயலாகவே வரக்கூடிய அளவுதான்.) அக்கா மகன் அதைக் குழுவில் போட்டு, "முடிஞ்சது" என்று எழுதினான். சித்தப்பா விடவில்லை. "அதெல்லாம் அவங்க ஊர் ஆளுங்க. நம்ம ஊர்ல போட்டுப் பாத்தாங்களா?"

எல்லோரும் சிரிப்புப் பொம்மைகளைப் போட்டுவிட்டுக் கலைந்தார்கள். எனக்கு மட்டும் அந்தக் கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. ஏனென்றால் அது முட்டாள்தனமான கேள்வி இல்லை. இதே ஊசியைப் பற்றி இங்கிலாந்தில் நடந்த குலுக்கல் சோதனை ஒரு விடையைச் சொன்னது. நம் செங்கல்பட்டு மாவட்டத்தில் நடந்த குலுக்கல் சோதனை அதற்கு நேர் எதிரான விடையைச் சொன்னது. இரண்டுமே நன்றாக நடந்த சோதனைகள். குலுக்கல் சோதனை என்றால் கடைசி வார்த்தை என்று நினைக்கும் மருமகனுக்கும், அது வெள்ளைக்காரன் கணக்கு என்று நினைக்கும் சித்தப்பாவுக்கும் நடுவில் உட்கார்ந்து இந்த ஊசியின் வரலாற்றைக் கொஞ்சம் படித்தேன். கொரோனாவை இத்தோடு விட்டுவிடலாம். பி.சி.ஜி. எந்த நோய்க்காக உருவானதோ அந்தக் காசநோய்க்கு வருவோம்.

நியூயார்க்கில் ஓர் அட்டவணை

என்னைப் பொறுத்தவரை குலுக்கல் எதற்கு என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லும் ஓர் அட்டவணை இல்லை. நியூயார்க் நகரச் சுகாதாரத் துறை 1920களின் பிற்பகுதியில் பி.சி.ஜி. பலன் தருகிறதா என்று பார்க்க ஆரம்பித்தது. எடுத்துக்கொண்டது காசநோயாளி இருக்கும் வீடுகளின் குழந்தைகளை. பாதிக் குழந்தைகளுக்கு ஊசி, மீதிப் பேருக்கு இல்லை. எந்தக் குழந்தைக்குப் போடுவது என்பதை அந்தந்த மருத்துவரே முடிவு செய்துகொள்ளலாம். 1927 முதல் 1932 வரை இப்படி நடந்ததில் ஊசி போட்டுக்கொண்ட 445 குழந்தைகளில் 3 பேர் காசநோயால் இறந்தார்கள். போடாத 545 குழந்தைகளில் 18 பேர். ஒரு பக்கம் 0.67 சதவீதம், மறு பக்கம் 3.30 சதவீதம். ஐந்தில் ஒரு பங்கு. இன்றைக்கு இப்படி ஒரு முடிவு வந்தால் தொலைக்காட்சியில் மூன்று நாள் ஓடும்.

1933ல் ஒரே ஒரு விஷயத்தை மாற்றினார்கள். யாருக்கு ஊசி என்ற முடிவை மருத்துவரிடமிருந்து எடுத்து மைய அலுவலகத்துக்குக் கொடுத்தார்கள். அங்கே பட்டியலில் ஒன்றுவிட்டு ஒன்று: இந்தக் குழந்தைக்கு உண்டு, அடுத்ததற்கு இல்லை. அதே ஊர், அதே மாதிரி வீடுகள், அதே ஊசி. 1944 வரை பார்த்ததில் ஊசி போட்ட 566 பேரில் 8 சாவு, போடாத 528 பேரில் 8 சாவு. 1.41 சதவீதம், 1.52 சதவீதம். ஐந்து மடங்கு வித்தியாசம் காணாமல் போய்விட்டது. லெவின், சாக்கெட் என்ற இருவர் 1946ல் இதை வெளியிட்டார்கள்.

இந்த எண்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு நானும் கொஞ்சம் கூட்டிப் பார்த்தேன். முதல் காலகட்டத்தில் இரண்டு பக்கத்தையும் சேர்த்தால் 990 குழந்தைகளில் 21 சாவு, அதாவது நூற்றுக்கு இரண்டு. இரண்டாம் காலகட்டத்தில் 1,094 குழந்தைகளில் 16 சாவு, நூற்றுக்கு ஒன்றரை. காசநோயே அந்த ஊரில் குறைந்துகொண்டு வந்த ஆண்டுகள் அவை. அதனால் மொத்தத்தில் ஒரு சின்ன இறக்கம் இருப்பதில் ஆச்சரியம் இல்லை. ஆச்சரியமெல்லாம் பங்கீட்டில்தான். முதல் தடவை சாவுகள் கிட்டத்தட்ட எல்லாமே ஒரு பக்கம் போய்க் குவிந்திருக்கின்றன. அவற்றைக் குவித்தது ஊசி இல்லை, குழந்தைகளைப் பிரித்த கை. சாகக்கூடிய குழந்தைகள் ஊசி போடப்படும் முன்பே 'போடாத' பக்கம் ஒதுங்கிவிட்டார்கள்.

அந்தக் கை எப்படி வேலை செய்திருக்கும்? மருத்துவர் யாரும் ஏமாற்றவில்லை. காசநோயாளி இருக்கும் ஒரு வீட்டுக்குப் போகிறார். பி.சி.ஜி. போடுவதென்றால் குழந்தையைச் சில வாரமாவது நோயாளியிடமிருந்து விலக்கி வைக்க வேண்டும், திரும்பத் திரும்ப மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு தாய் கேள்வி கேட்கிறாள், சொன்னதைக் கேட்டுக்கொள்கிறாள், தனி அறை இருக்கிறது என்கிறாள். இன்னொரு வீட்டில் தாய்க்கே இருமல், ஒரே அறை, பேசக்கூட நேரமில்லை. ஊசி எந்தக் குழந்தைக்குப் போகும்? நானாக இருந்தாலும் முதல் வீட்டில்தான் போட்டிருப்பேன். அங்கேதான் அது வீணாகாது என்று தோன்றும். இது வெறும் ஊகமும் இல்லை. அவர்கள் குறித்து வைத்த கணக்கில், மருத்துவர் தேர்ந்தெடுத்த காலத்தில் ஊசி போட்ட குழந்தைகள் சராசரியாக 3.6 முறை மருத்துவமனைக்கு வந்திருக்கிறார்கள், போடாதவர்கள் 1.7 முறை. அலுவலகம் பிரித்த காலத்தில் அதே எண்கள் 2.8, 2.4. வருகை எண்ணிக்கைக்கும் பி.சி.ஜி.யின் வேலைக்கும் சம்பந்தமே இல்லை. அதில் இரட்டிப்பு வித்தியாசம் தெரிகிறது என்றால் ஒப்பிடுவது இரண்டு வகைக் குடும்பங்களை என்று அர்த்தம். எந்த ஆய்வைப் பார்த்தாலும் இப்படி ஒரு சம்பந்தமில்லாத எண்ணைத் தேடிப் பார்ப்பது நல்ல பழக்கம்.

"சரி, வருகை எண்ணிக்கை தெரிகிறதே, அதைக் கழித்துக் கணக்கிட்டால் போதாதா?" என்று கேட்கலாம். கவனித்துக் கணக்கெடுக்கும் ஆய்வுகள் எல்லாம் அதைத்தான் செய்கின்றன. நான்கு முறை வந்தவர்களை நான்கு முறை வந்தவர்களோடு மட்டும் ஒப்பிடுவது, வருமானம் ஒத்தவர்களை ஒத்தவர்களோடு ஒப்பிடுவது. பாதி தூரம் அது உதவும். ஆனால் குறித்து வைத்ததைத்தான் கழிக்க முடியும். மருத்துவர் அந்தத் தாயின் முகத்தில் எதைப் பார்த்தார், எந்த வீட்டில் பாட்டி குழந்தையைப் பக்கத்திலேயே படுக்க வைத்துக்கொண்டாள் என்பது எந்தப் படிவத்திலும் இருக்காது. குலுக்கலின் சிறப்பு இங்கேதான். குறித்ததையும் குறிக்காததையும், நமக்குத் தெரிந்ததையும் நாம் யோசித்தே பார்க்காததையும், பாரபட்சமில்லாமல் இரண்டு பக்கமும் அது இறைத்துவிடும். இரண்டு பக்கமும் அச்சு அசலாகச் சமமாகிவிடும் என்பதில்லை. சமமில்லாமல் போனால் அது தற்செயலால் மட்டும்தான். தற்செயல் எவ்வளவு தூரம் இழுக்கும் என்பதைக் கணக்கிட வழி இருக்கிறது. ஒரு மருத்துவரின் நல்லெண்ணம் எவ்வளவு தூரம் இழுக்கும் என்பதைக் கணக்கிட வழியில்லை.

ஒன்றுவிட்டு ஒன்று என்பதும் உண்மையில் முழுக் குலுக்கல் இல்லை என்பதைச் சொல்ல வேண்டும். அடுத்தது யாருக்கு என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால், பலவீனமான குழந்தையை நாளைக்கு வரச் சொல்லலாம். நியூயார்க்கில் அது மைய அலுவலகத்தில் நடந்ததால் ஓரளவு தப்பித்தது. 1947ல் பிரிட்டனில் ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தைக் காசநோயாளிகள் 107 பேரிடம் சோதித்தபோது புள்ளியியலாளர் பிராட்ஃபோர்ட் ஹில் இந்த ஓட்டையை அடைத்தார். தற்செயல் எண்களைக் கொண்டு பட்டியலைத் தயாரித்து, ஒவ்வொரு நோயாளிக்கும் உரியதை ஒட்டிய உறைக்குள் போட்டு வைத்தார். நோயாளியைச் சேர்த்துக்கொண்ட பிறகுதான் உறையைப் பிரிக்கலாம். பெரிய கணிதம் ஒன்றும் இல்லை, ஒட்டிய உறைதான். ஆனால் அந்த உறை இல்லாத 'குலுக்கல்' சோதனைகளை நான் நம்புவதில்லை.

இன்னொன்றும் அந்த அட்டவணையில் ஒளிந்திருக்கிறது. எட்டுக்கு எட்டு என்று வந்ததால் பி.சி.ஜி. பயனற்றது என்று நிரூபணமாகிவிட்டதா? இல்லை. மொத்தம் 16 சாவுதான். இவ்வளவு சின்ன எண்ணிக்கையில் ஊசி உண்மையிலேயே சாவைப் பாதியாகக் குறைத்திருந்தாலும், தற்செயலின் கூத்தில் எட்டுக்கு எட்டு வந்துவிடலாம். 60 சதவீதப் பாதுகாப்பைக்கூட அந்த எண்களால் மறுக்க முடியாது. முதல் காலகட்டத்தின் ஐந்து மடங்கை நம்ப முடியாது என்று காட்டியதோடு அதன் வேலை முடிந்துவிட்டது. உண்மையான விடைக்குக் குலுக்கலும் வேண்டும், கூட்டமும் வேண்டும்.

54,000 பிள்ளைகள், 2,60,000 கிராமத்தார்

கூட்டத்தோடு முதலில் வந்தது பிரிட்டன். 1950ல் தொடங்கி, பள்ளிப் படிப்பை முடிக்கும் 14, 15 வயதுப் பிள்ளைகள் ஏறக்குறைய 54,000 பேர். தோலில் டியூபர்குலின் ஊசி போட்டுப் பார்த்து, அதுவரை காசநோய்க் கிருமி தொடாதவர்களை மட்டும் எடுத்து, அவர்களில் ஒரு பகுதிக்கு பி.சி.ஜி. போட்டார்கள். 1956ல் முதல் அறிக்கை வந்தது. பாதுகாப்பு ஏறக்குறைய 80 சதவீதம், அதுவும் பல ஆண்டு நீடித்தது. அதே காலத்தில் அமெரிக்காவின் ஜார்ஜியா, அலபாமா பகுதியில் நடந்த சோதனையில் வெறும் 14 சதவீதம். இரண்டில் எது சரி என்ற சண்டை பல ஆண்டு ஓடியது. ஒரு பெரிய, மறுபேச்சு இல்லாத சோதனை வேண்டும் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அந்தச் சோதனை நடந்த இடம்தான் அன்றைய செங்கல்பட்டு மாவட்டம், திருவள்ளூரைச் சுற்றிய ஊர்கள்.

1968ல் ஆரம்பித்தார்கள். ஐ.சி.எம்.ஆர்., உலக சுகாதார நிறுவனம், அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சேவை மூன்றும் சேர்ந்து. ஒரு மாதக் குழந்தைக்கு மேல் ஊரில் உள்ள எல்லோரையும் கணக்கெடுத்து, ஏறக்குறைய 2,60,000 பேரை ஒவ்வொருவராகக் குலுக்கிப் பிரித்தார்கள். டென்மார்க் வகை பி.சி.ஜி., பிரெஞ்சு வகை பி.சி.ஜி., ஒவ்வொன்றிலும் கூடுதல் அளவு, குறைந்த அளவு. எதுவுமே இல்லாத போலி ஊசி ஒன்று. போடுபவருக்கும் தெரியாது, போட்டுக்கொள்பவருக்கும் தெரியாது. திருவள்ளூர்ப் பக்கத்தில் வாழ்க்கைப்பட்ட எங்கள் அத்தை அப்போது சின்னப் பெண். எக்ஸ்ரே வண்டி ஊருக்குள் வந்து நின்றதையும், பெரியவர்கள் சட்டையைக் கழற்றிவிட்டு வரிசையில் நின்றதையும், சளியைத் துப்பித் தரச் சொல்லிச் சின்ன டப்பா கொடுத்ததையும் அவர் சொல்லியிருக்கிறார். "ஊசி போட்டாங்க, வீங்குச்சு, ஆறுச்சு, அவ்ளோதான்" என்பார்.

அத்தை சொல்லும் அந்த வீக்கம் ஒரு சிக்கல். பி.சி.ஜி. போட்ட இடம் சில வாரத்தில் கட்டி மாதிரி எழும்பி, உடைந்து, தழும்பாகும். போலி ஊசியில் அப்படி ஆகாது. ஆகவே தனக்கு எது போட்டார்கள் என்பதைக் கொஞ்ச நாளில் யாரும் ஊகித்துவிடலாம். எனக்கு நிஜ ஊசிதான் போட்டார்கள் என்று தெரிந்தவர் இருமலை அலட்சியப்படுத்தலாம், போலி ஊசி என்று ஊகித்தவர் பயந்து ஓடி வரலாம். நோயாளி தானாக வந்து சொல்வதை வைத்துக் கணக்கிட்டால் குலுக்கலில் கிடைத்த லாபமெல்லாம் இங்கே ஒழுகிப் போய்விடும். அதனால்தான் ஊரையே திரும்பத் திரும்பப் படமெடுத்தார்கள். இரண்டரை ஆண்டுக்கு ஒரு சுற்று. எக்ஸ்ரே படத்தைப் படிப்பவர் கையைப் பார்க்கப்போவதில்லை. சளியை வளர்த்துப் பார்க்கும் ஆய்வகத்துக்குத் தழும்பு தெரியாது. குலுக்கிப் பிரிப்பது ஒரு நாள் வேலை. பிரித்தவர்களைப் பல ஆண்டு இரண்டு பக்கமும் ஒரே கண்ணோடு பார்ப்பதுதான் பணமும் உழைப்பும் தின்னும் வேலை.

ஏழரை ஆண்டுக் கணக்கு 1979ல் வெளியானது. நுரையீரல் காசநோய்க்கு எதிராகப் பாதுகாப்பு எதுவும் இல்லை. எந்த வகை ஊசியிலும் இல்லை, எந்த அளவிலும் இல்லை. 15 ஆண்டுக் கணக்கு 1999ல் வந்தது. பெரியவர்களுக்கு அப்போதும் பூஜ்யம்தான். குழந்தைகளிடம் சிறிது பலன் இருக்கலாம், அதுவும் உறுதியாகச் சொல்ல முடியாத அளவில். எண்ணிக்கை போதவில்லை என்று சொல்ல முடியாது. பிரித்ததில் பாரபட்சம் என்று சொல்ல முடியாது. பிரிட்டனில் 80, செங்கல்பட்டில் பூஜ்யம்.

நான் நின்று யோசித்த இடம் இதுதான். நியூயார்க் முரண்பாட்டில் ஒரு கணக்கு தவறு, இன்னொன்று சரி என்று நிம்மதியாகச் சொல்லிவிடலாம். இங்கே அப்படி முடியாது. இரண்டு சோதனைகளும் அவற்றிடம் கேட்ட கேள்விக்குச் சரியான பதில்தான் சொன்னன. கேள்விதான் நாம் நினைத்தது இல்லை. "பி.சி.ஜி. காசநோயைத் தடுக்குமா?" என்று யாராலும் குலுக்கிக் கேட்க முடியாது. "1950களின் பிரிட்டனில், கிருமி தொடாத 14 வயதுப் பிள்ளைகளிடம் பி.சி.ஜி. என்ன செய்யும்?" என்று கேட்கலாம். "1968ன் திருவள்ளூர்க் கிராமங்களில் என்ன செய்யும்?" என்று கேட்கலாம். ஒரு சோதனைக்குள் எது ஆளுக்கு ஆள் வேறுபடுகிறதோ அதைத்தான் குலுக்கல் இரண்டு பக்கமும் பங்கிட்டுத் தரும். ஊரில் எல்லோருக்கும் பொதுவாக இருப்பது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்துகொண்டே இருக்கும். அது விடையை மாற்றுகிறதா என்பது அந்தச் சோதனைக்குள் இருந்து தெரியவே தெரியாது.

திருவள்ளூரில் பொதுவாக இருந்தது என்ன? மண்ணிலும் தண்ணீரிலும் காசநோய்க் கிருமியின் தூரத்துச் சொந்தங்கள் நிறைய உண்டு. நோய் தருவதில்லை, ஆனால் உடம்புக்கு அறிமுகமாகிவிடும். அந்த உறவுக்காரக் கிருமிகளுக்கென்றே தனியாக ஒரு தோல் சோதனையும் அங்கே செய்திருந்தார்கள். பதின்ம வயது முடிவதற்குள் ஏறக்குறைய எல்லோருமே அதற்கு எதிர்வினை காட்டினார்கள். அந்தக் கிருமிகளே கொஞ்சம் பாதுகாப்பைக் கொடுத்துவிட்டதால் பி.சி.ஜி. மேற்கொண்டு சேர்க்க ஒன்றும் மிச்சமில்லை என்பது ஒரு விளக்கம். ஏற்கெனவே விழித்திருக்கும் உடம்பு, பி.சி.ஜி. கிருமி வளர்ந்து வேலை செய்யும் முன்பே அதைக் கொன்றுவிடுகிறது என்பது இன்னொன்று. காசநோய் அங்கே மிக அதிகம் என்பதால் திரும்பத் திரும்பத் தொற்று ஏறுகிறது, ஊசி அதைத் தாங்கவில்லை என்பாரும் உண்டு.

உலகம் முழுக்க நடந்த பி.சி.ஜி. சோதனைகளை ஒன்றாக அடுக்கிப் பார்த்தவர்கள், பூமத்திய ரேகையிலிருந்து விலக விலகப் பலன் கூடுகிறது என்று கண்டார்கள். மேலே சொன்ன விளக்கங்களோடு அது அழகாகப் பொருந்துகிறது. ஆனால் இந்த இடத்தில் கவனமாக இருக்க வேண்டும். யாரையும் குலுக்கிப் போட்டு ஒரு பாதியை மான்செஸ்டரிலும் மறு பாதியை ஊத்துக்கோட்டையிலும் பிறக்க வைக்கவில்லை. ஒவ்வொரு சோதனையும் உள்ளுக்குள் குலுக்கல்தான். சோதனையோடு சோதனையை ஒப்பிடும் நிமிஷத்தில் நாம் மறுபடியும் வெறுமனே கவனித்துக் கணக்கெடுப்பவர்கள் ஆகிவிடுகிறோம். ஊரோடு சேர்ந்து வயது மாறுகிறது, ஊசி வகை மாறுகிறது, யாரைச் சேர்ப்பது என்ற விதியும் மாறுகிறது. 2014ல் வந்த ஒரு விரிவான தொகுப்பு இதைப் பிரித்துப் பார்த்தது. பிறந்தவுடன் போட்ட சோதனைகளிலும், கிருமி தொட்டவர்களைத் தோல் சோதனையால் கறாராக விலக்கிய சோதனைகளிலும் பலன் நன்றாக இருந்தது. ரேகைக் கணக்கின் இழுப்பில் ஒரு பங்கு இதனால்தான். ஆக, குலுக்கல் சோதனைகளின் குவியலைப் புரிந்துகொள்ள நியூயார்க்கில் பழகிய அதே சந்தேகம் தேவைப்படுகிறது.

குலுக்க முடியாத கேள்வி

செங்கல்பட்டு முடிவு வந்த பிறகும் இந்தியா குழந்தைகளுக்கு பி.சி.ஜி. போடுவதை நிறுத்தவில்லையே, ஏன்? இங்கே குலுக்கல் சோதனையின் இன்னொரு எல்லை வருகிறது. கைக்குழந்தைகளுக்குக் காசநோய் நுரையீரலோடு நிற்காமல் மூளை உறைக்கும் ரத்தத்துக்கும் பரவும். மூளைக்காய்ச்சலாக வந்தால் பிழைப்பது கஷ்டம், பிழைத்தாலும் பாதிப்பு மிஞ்சும். ஆனால் எண்ணிக்கையில் அது அரிது. 2,60,000 பேர் கொண்ட செங்கல்பட்டுச் சோதனைகூட இதற்குத் தோதானதில்லை. அதில் கைக்குழந்தைகள் சிறு பகுதிதான். இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை வரும் எக்ஸ்ரே வண்டி, நடுவில் சில வாரத்தில் வந்து கொண்டுபோய்விடும் மூளைக்காய்ச்சலைப் பார்க்காது.

அந்தக் கேள்விக்கு விடை பெரும்பாலும் வேறு வழியில்தான் வந்தது. மருத்துவமனையில் காசநோய் மூளைக்காய்ச்சலோடு சேர்ந்த குழந்தைகளை எடுத்துக்கொள்வார்கள். அதே வயதில், அதே மாதிரிப் பின்னணியில், வேறு காரணத்துக்காக வந்த குழந்தைகளைப் பக்கத்தில் வைப்பார்கள். இரண்டு பக்கமும் எத்தனை கையில் தழும்பு இருக்கிறது என்று எண்ணுவார்கள். சென்னையிலும் 1990களில் இப்படி ஓர் ஆய்வு நடந்தது. உலகின் பல ஊர்களில் நடந்த இத்தகைய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2006ம் ஆண்டுக் கணக்கு, இந்த வகைக் காசநோய்க்கு எதிராகப் பாதுகாப்பு 70 சதவீதத்துக்கு மேல் என்றது. குலுக்கல் கிடையாது. தடுப்பூசி போட்ட வீடு அக்கறையான வீடு என்ற நியூயார்க் சந்தேகம் இங்கேயும் அப்படியே பொருந்தும்.

பிறகு ஏன் நம்புகிறார்கள்? அக்கறைதான் காரணம் என்றால் அதே ஆய்வுகளில் நுரையீரல் காசநோய்க்கும் அதே அளவு 'பாதுகாப்பு' தெரிய வேண்டும், பி.சி.ஜி.க்குச் சம்பந்தமே இல்லாத நோய்களுக்கும் தெரிய வேண்டும். மூளைக்காய்ச்சலுக்கு மட்டும் ஊர் ஊராக, பூமத்திய ரேகைக்கு அருகிலும் தொலைவிலும், ஏறக்குறைய ஒரே அளவில் வருவதை அக்கறையைக் கொண்டு விளக்குவது கடினம். என் கணிப்பில் இந்தத் தீர்ப்பு சரி. ஆனால் இது பல சாட்சிகளை நிறுத்திக் குறுக்கு விசாரணை செய்து வந்த தீர்ப்பு. ஒட்டிய உறையைப் பிரித்தவுடன் கிடைத்த தீர்ப்பு இல்லை. இன்றைக்கு இதைக் குலுக்கிப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால், மூளைக்காய்ச்சலுக்கு வாய்ப்புள்ள ஆயிரக்கணக்கான பச்சைக் குழந்தைகளுக்கு வேண்டுமென்றே ஊசியை மறுக்க வேண்டும். எந்த நெறிக்குழுவும் கையெழுத்துப் போடாது, போடவும் கூடாது.

குலுக்கல் நடந்தாலும் எதை அளந்தோம், எத்தனை பேரிடம் அளந்தோம் என்பது விடையைக் கவிழ்த்துவிடும். தென்னாப்பிரிக்காவில் பதின்ம வயதினர் 990 பேரை மூன்று பிரிவாகக் குலுக்கி, ஒரு பிரிவுக்கு மறுபடியும் பி.சி.ஜி. போட்டுப் பார்த்தார்கள். 2018ல் வந்த முடிவில், தொற்று நிலைத்துவிட்டதைக் காட்டும் ரத்தப் பரிசோதனை ஊசி போட்டவர்களிடம் 45 சதவீதம் குறைவாக இருந்தது. காசநோய் வட்டாரமே உற்சாகமானது. ஆனால் அளந்தது நோயை இல்லை. நோய்க்கு முன்னால் வரும் ஒரு ரத்தக் குறியை. அதை உறுதிப்படுத்த 1,836 பேரோடு மறுபடி குலுக்கினார்கள். 2025ல் வந்த விடையில் பாதுகாப்பு சுத்தமாக இல்லை. முதல் சோதனையில் யாரும் தப்பு செய்யவில்லை. சிறிய எண்ணிக்கையில் தற்செயல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, அவ்வளவுதான். அக்கா மகனிடம் இதைச் சொன்னபோது, "அதான் மாமா, அதைக் கண்டுபிடிச்சதும் இன்னொரு ஆர்.சி.டி.தானே" என்றான். நியாயம்தான்.

இந்த விவாதம் நம் வாசலுக்கும் வந்துவிட்டது. 2024ல் இந்தியாவின் பல மாநிலங்களில் பெரியவர்களுக்கு, காசநோய் வரும் வாய்ப்பு அதிகமுள்ளவர்களுக்கு, சம்மதம் வாங்கிக்கொண்டு பி.சி.ஜி. போடும் திட்டம் தொடங்கியது. இன்னும் சில ஆண்டுகளில் அதன் பலனைப் பற்றி ஒரு சதவீதம் வெளிவரும், செய்தித்தாளில் பெரிய எழுத்தில் போடுவார்கள். ஊசிக்கு ஒப்புக்கொள்பவர் ஆரம்ப சுகாதார நிலையத்தை நம்புகிறவர்; சர்க்கரைக்கு ஒழுங்காக மாத்திரை எடுப்பவராக இருக்கலாம், குடிப்பழக்கம் குறைவாக இருக்கலாம். கையை நீட்டாதவர் எப்படிப்பட்டவர் என்பது 1930லேயே நியூயார்க் மருத்துவர்களுக்குத் தெரியும். அதனால் அந்தச் சதவீதம் வரும்போது எனக்கு முதலில் தெரிய வேண்டியது வேறு இரண்டு எண்கள்: ஊசிக்கு முந்தைய ஓராண்டில் போட்டுக்கொண்டவர்கள் சராசரியாக எத்தனை முறை சுகாதார நிலையத்துக்கு வந்தார்கள், போட்டுக்கொள்ளாதவர்கள் எத்தனை முறை வந்தார்கள்.